டிரான்ஸ்ஃபார்மர் டிரிப் ஆனதும் குரூப்பில் போடும் முதல் செய்தி: எதை எழுதுவது, எதை விடுவது?

கருணா_நைட்ஷிப்ட்

110/11 கே.வி. துணைமின் நிலையத்தில் ஷிப்ட் பார்ப்பவர்களிடம் ஒரு கேள்வி. டிரிப் ரிப்போர்ட் முறைப்படி போக ஒரு நாளாவது ஆகும். ஆனால் அஞ்சாவது நிமிஷமே குரூப்பில் ஏதாவது போட்டாக வேண்டும். பயிற்சிக்காக ஒரு கற்பனை நிலைமையை வைத்து எழுதிப் பார்த்தேன்.

நிலைமை இதுதான். நிலையத்தில் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்: டி1 16 எம்.வி.ஏ., டி2 10 எம்.வி.ஏ. நல்ல மழை. ராத்திரி 02.41க்கு டி1 டிரிப். பேனலில் புக்கோல்ஸ் டிரிப் ஃபிளாக் விழுந்திருக்கிறது, 86 மாஸ்டர் டிரிப்பும் விழுந்திருக்கிறது. டிஃபரன்ஷியல் விழவில்லை. டிரிப் ஆகும்போது டி1 லோடு 390 ஆம்பியர், டி2 லோடு 310 ஆம்பியர்.

நான் எழுதியது:

> அவசரம்!! டி1 டிரான்ஸ்ஃபார்மர் ஃபெயிலியர். பெரிய வெடிச் சத்தம் கேட்டது. மழையால் உள்ளே ஃபால்ட் ஆகியிருக்கலாம். ஊர் முழுக்க கரண்ட் இல்லை. சரிசெய்யும் பணி நடக்கிறது. 2 மணி நேரத்தில் வந்துவிடும்.

இதில் என்ன தப்பு? தயவு தாட்சண்யம் பார்க்காமல் சொல்லுங்கள்.

---

பழைய_பேனல்

தம்பி, ஆறு வாக்கியம் எழுதியிருக்கீங்க. ஆறிலயும் ஒவ்வொரு வம்பு இருக்கு.

முதல்ல "ஃபெயிலியர்". உங்களுக்குத் தெரிஞ்சது டிரிப் மட்டும்தான். டிரிப்னா பிரேக்கர் திறந்துடுச்சுன்னு அர்த்தம். ஃபெயிலியர்னா டிரான்ஸ்ஃபார்மர் போச்சுன்னு அர்த்தம். அதைச் சொல்ல வேண்டியது டெஸ்ட் கிட், நீங்க இல்லை. இந்த ஒரு சொல்லைப் படிச்ச உடனே மேலே இருக்கிறவர் எந்த நிலையத்துல 16 எம்.வி.ஏ. ஸ்பேர் இருக்குன்னு விசாரிக்க ஆரம்பிச்சுடுவார். காலையில டெர்மினல் பாக்ஸ்ல தண்ணி போயிருந்ததுன்னு தெரிய வந்தா, ராத்திரி முழுக்க ஓடினது எல்லாம் வீண்.

அடுத்தது வெடிச் சத்தம். 110 கே.வி. பிரேக்கர் திறந்தாலே ஸ்பிரிங் அடிக்கிற சத்தம் கன்ட்ரோல் ரூம் ஜன்னலைத் தட்டும். ராத்திரி, மழை, பக்கத்துல யாரும் இல்லைன்னா அது வெடிச்ச மாதிரிதான் கேக்கும். பார்த்ததை எழுதுங்க: எண்ணெய் சிதறியிருக்கா, புகை இருக்கா, கன்சர்வேட்டர் கேஜ்ல எண்ணெய் மட்டம் எங்க இருக்கு, பிரஷர் ரிலீஃப் இயங்கியிருக்கா. யார்டுல டார்ச் அடிச்சு, தூரத்துல நின்னு பார்த்தாலே இது நாலும் தெரியும். "சத்தம் கேட்டது"ன்னு எழுதினா இந்த நாலுல எதுவுமே அதுல வரல.

"ஊர் முழுக்க"ன்னு எழுதினது பொய். டி2 ஓடிக்கிட்டுத்தானே இருக்கு? 310 ஆம்பியர் போய்க்கிட்டிருக்கிற பாதி ஊரை ஒரே சொல்லுல இருட்டாக்கிட்டீங்க.

"2 மணி நேரம்" எங்கேயிருந்து வந்தது?

---

கருணா_நைட்ஷிப்ட்

எங்கேயிருந்தும் வரல சார். மேலே இருந்து கேட்பாங்கன்னு பயத்துல போட்டேன்.

---

வயல்காட்டான்

என் கருத்து வேறு. ரிலே டெஸ்ட், ஆயில் டெஸ்ட் எல்லாம் முடியாமல் குரூப்பில் எதையும் எழுதவே கூடாது. எழுதினால் அது ரிக்கார்டு. பிறகு விசாரணையில் "நீங்கள்தானே புக்கோல்ஸ் என்று எழுதினீர்கள்" என்று அதையே பிடித்துக்கொள்வார்கள். "டி1 டிரிப், விவரம் பின்னர்" என்று நான்கு சொல் போதும். மற்றதெல்லாம் போனில்.

---

மெக்கர்_செல்வி

வயல்காட்டான் சொல்வதில் பாதி சரி. காரணத்தை எழுதக் கூடாது என்பதில் எனக்கும் மாறுபாடு இல்லை. ஆனால் ஃபிளாக் காரணம் இல்லையே. அது பேனலில் கண்ணுக்குத் தெரிகிற ஒன்று. "புக்கோல்ஸ் டிரிப் ஃபிளாக் விழுந்துள்ளது" என்பது பார்த்தது. "உள்ளே ஃபால்ட்" என்பது ஊகம். முதலாவதை எழுதினதற்காக யாரும் உங்களைப் பிடிக்க முடியாது. எழுதாமல் ரீசெட் செய்துவிட்டால்தான் பிடிப்பார்கள்.

அந்த நான்கு சொல் ஏன் போதாது என்றால், எந்த ஃபிளாக் என்பதைப் பொறுத்து கிளம்பி வருகிற ஆளே வேறு.

ஒரே "டி1 டிரிப்" மூன்று விதமாக வரலாம். ஒன்று, டிஃபரன்ஷியலும் புக்கோல்ஸும் சேர்ந்து விழுந்திருக்கிறது. அப்போது உள்ளே கோளாறு என்கிற சந்தேகம் வலுவானது. நான் வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் கிட், ரேஷியோ மீட்டர், எண்ணெய் மாதிரி எடுக்கும் பாட்டில் எல்லாவற்றோடும் வர வேண்டும், ஸ்பேர் பற்றிய யோசனையும் அப்போதே தொடங்கலாம். இரண்டு, பேக்கப் ஓவர் கரண்ட் மட்டும் விழுந்திருக்கிறது, ஒரு 11 கே.வி. ஃபீடரில் ரிலே இயங்கியும் பிரேக்கர் திறக்கவில்லை. அப்போது டிரான்ஸ்ஃபார்மர் நன்றாகவே இருக்கலாம்; தேவைப்படுவது பிரேக்கர் ஆள், அந்த ஃபீடரைத் தனியே பிரித்தால் வேலை பெரும்பாலும் முடிந்தது. மூன்று, கருணா சொன்ன நிலைமை. மழையில் புக்கோல்ஸ் மட்டும், டிஃபரன்ஷியல் இல்லை. டெர்மினல் பாக்ஸில் தண்ணீர் இறங்கி கான்டாக்ட் ஷார்ட் ஆனாலும் இப்படி வரும், நிஜமாகவே உள்ளே சின்னதாக ஏதோ தொடங்கியிருந்தாலும் இப்படி வரும். நான் வரும்போது முதலில் எடுத்துவருவது மெக்கரும் கேஸ் மாதிரி எடுக்கும் சிரிஞ்சும்.

"விவரம் பின்னர்" என்று போட்டால் நான் எதை வண்டியில் ஏற்றுவது?

---

பழைய_பேனல்

செல்வி மேடம் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கிறேன். மெயின் டேங்க் புக்கோல்ஸா, டேப் சேஞ்சரோட சர்ஜ் ரிலேயான்னு பிரிச்சு எழுதணும். பழைய பேனல்ல ரெண்டு ஃபிளாக்கும் பக்கத்துல பக்கத்துல இருக்கும், எழுத்தும் தேஞ்சு போயிருக்கும். அவசரத்துல ரெண்டையுமே "புக்கோல்ஸ்"னு படிக்கிறவங்க உண்டு. அதனாலதான் போட்டோ. 86ஐ ரீசெட் பண்றதுக்கு முன்னாடி முழு பேனலும் தெரியற மாதிரி ஒரு படம், ஃபிளாக் கிட்டக்க ஒரு படம். நியூமெரிக்கல் ரிலேயா இருந்தா திரையில இருக்கிற ஈவென்ட் பக்கத்தையும் எடுத்துக்கணும்.

---

ஜெனரேட்டர்_மணி

நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். கரண்ட் போனால் எங்கே புகார் கொடுப்பது என்று கேட்கிறீர்களா? மின்னகம் எண் 94987 94987. எங்கள் குரூப்பில் அதைத்தான் பின் செய்து வைத்திருக்கிறோம்.

---

கருணா_நைட்ஷிப்ட்

இல்லண்ணே, நாங்க அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம். கரண்ட் போனதை உள்ளுக்குள்ள எப்படிச் சொல்றதுன்னு பேசிக்கிட்டிருக்கோம்.

---

ஜெனரேட்டர்_மணி

அப்படியா, மன்னிக்கணும். அப்படியென்றால் எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். "சீக்கிரம் வந்துவிடும்" என்ற செய்தி எப்படியோ ஃபார்வர்டு ஆகி எங்களுக்கும் வந்துவிடும். அதை நம்பி டீசல் வாங்க ஆள் அனுப்பாமல் விட்டால், நாலு மணிக்கு டேங்கில் அடி தெரியும். எங்கள் செட் மணிக்கு 30 லிட்டர் குடிக்கும். ஒரு மணியா ஆறு மணியா என்று தெரியாவிட்டால் "தெரியாது" என்றே எழுதிவிடுங்கள். தெரியாது என்றால் நாங்கள் டீசல் வாங்கிவிடுவோம். இரண்டு மணி என்றால் வாங்க மாட்டோம்.

---

பழைய_பேனல்

மணி அண்ணன் சொன்னதை இந்த இழையோட தலையில ஒட்டணும். கருணா, இப்ப திருப்பி எழுதுங்க. ஒரே செய்தியில எல்லாத்தையும் அடைக்காதீங்க. ரெண்டா பிரிங்க. முதல்ல அஞ்சு நிமிஷத்துக்குள்ள மூணு நாலு வரி. லோடு மாத்தி முடிச்சதும் இரண்டாவது.

---

கருணா_நைட்ஷிப்ட்

முயற்சி 2. நேரம் 02.46 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

> தகவல் 1 / 02.46
> (நிலையத்தின் பெயர்) 110/11: டி1 16 எம்.வி.ஏ. 02.41க்கு டிரிப். யாருக்கும் காயம் இல்லை. தீ, புகை, எண்ணெய்ச் சிதறல் இல்லை.
> ஃபிளாக்: மெயின் டேங்க் புக்கோல்ஸ் டிரிப், 86. டிஃபரன்ஷியல் விழவில்லை. எச்.வி., எல்.வி. பிரேக்கர் திறந்துள்ளன. மழை பெய்கிறது.
> 5 ஃபீடர் இல்லை, 390 ஆம்பியர். டி2 ஓடுகிறது. லோடு மாற்றம் நடக்கிறது.
> டி1 மறுபடி சார்ஜ் செய்யவில்லை. அடுத்த தகவல் 03.00.

---

மெக்கர்_செல்வி

இது செய்தி. இரண்டு இடங்களைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும்.

"மழை பெய்கிறது" என்று நிலைமையாக எழுதியிருக்கிறீர்கள். "மழையால்" என்று எழுதவில்லை. ஒரு சொல்லில் இருக்கிற வித்தியாசம் இது. முன்னது நான் டெர்மினல் பாக்ஸை முதலில் திறந்து பார்க்க வேண்டும் என்று நினைவூட்டுகிறது. பின்னது நான் வருவதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. "மழையால்" என்ற சொல் குரூப்பில் ஒருமுறை ஏறிவிட்டால், ஒரு மணி நேரத்தில் யாராவது "மழைதானே, டெர்மினல் பாக்ஸைத் துடைத்துவிட்டு ஒருமுறை சார்ஜ் பண்ணிப் பாருங்கள்" என்பார்கள். உள்ளே நிஜமாகவே கோளாறு இருந்தால் அந்த ஒருமுறைதான் டேங்கைக் கிழிக்கும்.

அதற்குத்தான் "மறுபடி சார்ஜ் செய்யவில்லை" என்ற வரியும். அது தகவல் மட்டுமல்ல. ஷிப்டில் இருப்பவர் என்ன நிலைப்பாட்டில் இருக்கிறார் என்பதும் அதில் தெரிகிறது. புக்கோல்ஸ் டிரிப்புக்குப் பிறகு சோதனை முடியாமல் சார்ஜ் இல்லை.

---

வயல்காட்டான்

சரி, ஃபிளாக் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புக்கோல்ஸ் அலாரம் வராமல் நேராக டிரிப் வந்திருக்கிறதே, அப்படியானால் தண்ணீர்தான் என்று சொல்லிவிடலாமே? கேஸ் சேர்ந்தால் முதலில் அலாரம்தானே வரும்?

---

மெக்கர்_செல்வி

மெதுவாகக் கேஸ் சேர்ந்தால் அலாரம் முதலில் வரும், சரி. ஆனால் உள்ளே திடீரென்று பெரிய ஆர்க் அடித்தால் எண்ணெய் பாய்கிற வேகத்திலேயே கீழ் ஃப்ளாப் தட்டி நேராக டிரிப் வரும், அலாரம் வராமலே. இந்த நிலைமையில் டிஃபரன்ஷியல் விழாதது தண்ணீர்ப் பக்கம் கொஞ்சம் சாய்க்கிறது, அவ்வளவுதான். அலாரம் வந்ததா இல்லையா என்பதை ரிப்போர்ட்டில் கட்டாயம் எழுத வேண்டும். முதல் செய்தியிலும் "அலாரம் வரவில்லை" என்று இரண்டு சொல் சேர்க்கலாம். அதிலிருந்து முடிவுக்குப் போகாமல் இருந்தால் போதும்.

இன்னொன்று. புக்கோல்ஸ் கண்ணாடியில் கேஸ் தெரிகிறதா என்று பார்க்க இருட்டில், மழையில் டிரான்ஸ்ஃபார்மர் மேல் ஏற வேண்டாம். பிரேக்கர் திறந்திருந்தால் மட்டும் போதாது. ஐசொலேட்டரும் திறந்து, எர்த் போட்டு, எல்.சி. வாங்கின பிறகுதான் மேலே. குரூப்பில் "கேஸ் இருக்கா?" என்று யாராவது கேட்டால் "எல்.சி.க்குப் பிறகு பார்க்கப்படும்" என்பதே பதில்.

---

ஃபீடர்_மேப்

லோடு மாற்றத்தை யாரும் தொடவில்லையே. இரண்டாவது செய்தியில் அதுதான் முக்கியம். கருணா, ஃபீடர் வாரியாகப் பிரித்துக் கொடுங்கள்.

---

கருணா_நைட்ஷிப்ட்

டி1-இல் இருந்தவை: டவுன் 140, தொழிற்பேட்டை 85, அரசு ஆஸ்பத்திரி 70, குடிநீர் 55, கிராமம் 40. மொத்தம் 390 ஆம்பியர்.

---

ஃபீடர்_மேப்

நன்றி. 10 எம்.வி.ஏ.வுக்கு 11 கே.வி. பக்கம் முழு லோடு சுமார் 525 ஆம்பியர். ஏற்கனவே 310 ஓடுகிறது. மிச்சம் 215. டி1 லோடு முழுவதையும் ஏற்றினால் 700, நடக்காது.

ஆஸ்பத்திரி, குடிநீர், கிராமம் மூன்றும் சேர்ந்து 165. ஏற்றினால் டி2 475. டவுனும் தொழிற்பேட்டையும் நிற்கும். இரண்டாவது செய்தி:

> தகவல் 2 / 02.58
> டி2 வழியாக 02.54க்கு மின்சாரம் கொடுத்த ஃபீடர்: ஆஸ்பத்திரி, குடிநீர், கிராமம். டி2 லோடு 475, எல்லை 525.
> இன்னும் இல்லாதவை: டவுன் 140, தொழிற்பேட்டை 85. பக்கத்து நிலையத்திலிருந்து டவுனுக்குப் பின்ஊட்டம் கேட்கப்பட்டுள்ளது.
> டி1: சோதனைக் குழு தேவை. மின்சாரம் வரும் நேரம் இப்போது சொல்ல இயலாது. அடுத்த தகவல் 03.30.

"எல்லை 525" என்று எழுதுவதை விடாதீர்கள். அதைப் பார்த்தால்தான் யாரும் "தொழிற்பேட்டையையும் ஏற்றிவிடுங்கள்" என்று போன் செய்ய மாட்டார்கள். எண் இல்லாமல் "டி2-இல் இடம் இல்லை" என்று எழுதினால் அது சாக்குப்போக்கு மாதிரி இருக்கும்.

---

வயல்காட்டான்

டவுன் 140, ஆஸ்பத்திரி 70. கூட்டினால் 210. 215க்குள் சரியாக அடங்குகிறதே! டவுனை விட்டுவிட்டு ஏன் கிராமத்துக்குக் கொடுக்க வேண்டும்? நான் கிராமத்துக்காரன்தான், இருந்தாலும் கேட்கிறேன்.

---

ஃபீடர்_மேப்

காகிதத்தில் அடங்குகிறது. 310ஐயும் சேர்த்தால் 520. ஆனால் இது ராத்திரி மூன்று மணி லோடு. ஐந்தரைக்கு ஊர் எழுந்து வீட்டு மோட்டார்கள் ஓட ஆரம்பித்தால் 520 அப்படியே நிற்காது. அப்போது டி2-உம் டிரிப் ஆகும், ஊர் நிஜமாகவே முழு இருட்டு. அதோடு, நின்றுபோன ஃபீடரைத் திரும்பக் கொடுக்கிற நிமிஷத்தில் ஃபிரிட்ஜ், ஏ.சி. எல்லாம் ஒன்றாக இழுக்கும். போகும்போது இருந்த 140 வரும்போது 140ஆக இருக்காது. குடிநீரை விட்டால் விடியும்போது மேல்நிலைத் தொட்டி காலி. 475இல் நிறுத்தினால் காலைக்கு 50 ஆம்பியர் கையிருப்பு. அதுவும் போதாமல் போகலாம். பின்ஊட்டம் கேட்பது அதனால்தான்.

இந்தக் கணக்கு முழுவதையும் செய்தியில் எழுத வேண்டாம். முடிவும் இரண்டு எண்ணும் போதும். கேட்பவருக்குப் போனில் சொல்லலாம்.

---

டெஸ்க்_பாபு

நான் மின்துறை ஆள் இல்லை, செய்தி ஆசிரியர் மேசையில் இருப்பவன். ஒரே ஒரு குறிப்பு. போன் பூட்டியிருக்கும்போது திரையில் முதல் ஒன்றிரண்டு வரிதான் தெரியும். கருணாவின் முதல் முயற்சியில் அந்த இடத்தை "அவசரம்!!" தின்றுவிட்டது. இரண்டாவதில் "தகவல் 1 / 02.46" என்ற வரி தின்கிறது. நிலையத்தின் பெயரையும் "டி1 டிரிப்"பையும் முதல் வரிக்கே ஏற்றுங்கள். எண்ணும் நேரமும் அந்த வரியின் கடைசியில் போகட்டும்.

இன்னொன்று, "02.41" என்பது யாருடைய கடிகாரம்?

---

பழைய_பேனல்

பாபு சார் சரியான இடத்துல கை வெச்சுட்டார். பேனல்ல ஒரு கடிகாரம், சுவத்துல ஒண்ணு, ரிலேக்குள்ள ஒண்ணு, உங்க போன்ல ஒண்ணு. ஜி.பி.எஸ். கடிகாரத்தோட இணைக்காத ரிலேன்னா நிமிஷக் கணக்குல தள்ளி ஓடும். செய்தியில 02.41, ரிலே பதிவுல 02.37, லாக் புக்ல 02.45ன்னு மூணு நேரம் இருந்தா, ரிப்போர்ட் எழுதறப்போ நாலு நிமிஷம் என்ன பண்ணீங்கன்னு கேள்வி வரும். ஒரே கடிகாரத்தை வெச்சுக்கிட்டு செய்தியிலயும் லாக்கிலயும் அதையே எழுதுங்க. ரிலே நேரம் வேறயா இருந்தா ரிப்போர்ட்ல "ரிலே கடிகாரம் 4 நிமிடம் பின்"னு ஒரு வரி போட்டுக்கலாம்.

---

கருணா_நைட்ஷிப்ட்

தப்பா போட்டுட்டா? உதாரணமா கிராமம் ஃபீடர் கொடுத்தாச்சுன்னு போட்டேன், ஆனா குளோஸ் பண்ணின உடனே மறுபடி டிரிப் ஆயிடுச்சு. செய்தியை எடிட் பண்ணிடலாமா?

---

டெஸ்க்_பாபு

வேண்டாம். வாட்ஸாப்பில் 15 நிமிடம் வரை திருத்தலாம்தான். ஆனால் அதற்குள் யாராவது ஃபார்வர்டு செய்திருந்தால் அந்தப் பிரதி மாறாது. ஒரே செய்தி இரண்டு விதமாக உலவும். பழைய செய்தியைச் சுட்டி, "திருத்தம்: கிராமம் ஃபீடர் 02.55க்கு மறுபடி டிரிப், மின்சாரம் இல்லை. மற்றவை மாறவில்லை" என்று புதிதாகப் போடுங்கள். அழித்தால் இன்னும் மோசம், எதை அழித்தார் என்று நாலு பேர் கேட்பார்கள்.

---

ஜெனரேட்டர்_மணி

பொதுமக்கள் குரூப்புக்கும் இதே செய்திதானா? புக்கோல்ஸ் என்றால் எங்கள் ஆட்களுக்கே புரியாது.

---

ஃபீடர்_மேப்

அதை வேறாக எழுத வேண்டும். ஃபிளாக், ஆம்பியர் எதுவும் வேண்டாம். ஃபீடர் பெயரும் வேண்டாம்; எந்த ஃபீடரில் இருக்கிறோம் என்று யாருக்கும் தெரியாது. தெருப் பெயராக எழுத வேண்டும்.

> பஸ் நிலையம், கடைவீதி, வடக்கு ரத வீதி, தொழிற்பேட்டை பகுதிகளில் 02.41 முதல் மின்சாரம் இல்லை. துணைமின் நிலையத்தில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் தானாக நின்றுள்ளது, சோதனை நடக்கிறது. வரும் நேரம் இப்போது தெரியாது. அடுத்த தகவல் 03.30க்கு.

"தானாக நின்றுள்ளது" என்பது நான் வேண்டுமென்றே போட்டது. "பழுது" என்றால் ஃபெயிலியர் மாதிரிதான் ஆகிவிடும்.

---

மெக்கர்_செல்வி

ஆட்களுக்குக் காயம் பட்டிருந்தால் இந்த இழையில் பேசியது எல்லாமே பின்னால் போய்விடும். அப்போது முதல் வரி அதுதான்: எத்தனை பேர், எந்த ஆஸ்பத்திரிக்கு, எத்தனை மணிக்கு அனுப்பப்பட்டார்கள். பெரிய குரூப்பில் பெயர் வேண்டாம், படம் வேண்டவே வேண்டாம். வீட்டுக்குத் தகவல் போவதற்கு முன் வீட்டாரின் போனுக்கு ஃபார்வர்டு போய்விடும். பெயரைப் பொறுப்பு அதிகாரியிடம் போனில் சொல்லுங்கள்.

குரூப்பில் போட்டதால் முறையான அறிவிப்பு முடிந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். மின் விபத்தில் உயிரிழப்போ காயமோ என்றால், மின்சாரச் சட்டம் 2003இன் 161ஆம் பிரிவுப்படி மின் ஆய்வாளருக்கு அறிவிப்பு போக வேண்டும். விபத்து தெரிய வந்த 24 மணி நேரத்துக்குள். அது மனிதருக்கு மட்டுமில்லை, கால்நடைக்கும்தான். அதற்கான படிவம் தனி.

---

வயல்காட்டான்

கடைசியாக ஒன்று, இதில் நான் இறங்கி வர மாட்டேன். ஃபிளாக் விவரத்தை நூறு பேர் இருக்கும் பெரிய குரூப்பில் போடக் கூடாது. நாலு தொழில்நுட்ப ஆட்கள் இருக்கும் சின்ன குரூப்பில் மட்டும் போட்டால் போதும். பெரிய குரூப்பில் போட்டால் ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள்.

---

பழைய_பேனல்

சொல்வாங்க, உண்மைதான். ஆனா ராத்திரி மூணு மணிக்கு ரெண்டு குரூப்புக்கு ரெண்டு விதமா எழுதினா ஒண்ணுல இருக்கிறது இன்னொண்ணுல இருக்காது. நான் ஒரே செய்தி கட்சி.

---

மெக்கர்_செல்வி

நான் சின்ன குரூப் கட்சி. பெரிய குரூப்புக்கு ஃபிளாக் வரியை மட்டும் வெட்டிவிட்டு அதே செய்தியை அனுப்பலாம். வேறாக எழுதத் தேவையில்லை. எந்தக் கட்சியாக இருந்தாலும் பேனல் படம் சின்ன குரூப்பில் மட்டும்.

---

கருணா_நைட்ஷிப்ட்

03.30 ஆயிடுச்சு, புதுசா ஒண்ணும் இல்லைன்னு வெச்சுக்குவோம். சோதனைக் குழு இன்னும் வழியில. செய்தி போடணுமா?

---

ஃபீடர்_மேப்

போடணும், 03.30க்கே போடணும். "மாற்றம் இல்லை. டி2 470. சோதனைக் குழு கிளம்பிவிட்டது, 04.15 வாக்கில் வருவார்கள். டவுன் பின்ஊட்டத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை. அடுத்த தகவல் 04.15." போடாவிட்டால் 03.31க்கு உங்கள் போன் அடிக்க ஆரம்பிக்கும். இரண்டு கையும் பேனலில் இருக்கும்போது பதினைந்து பேருக்கு அதே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

---

ஜெனரேட்டர்_மணி

அந்தச் செய்தியில் "வரும் நேரம் இன்னும் தெரியாது" என்பதையும் சேர்த்துவிடுங்கள் தம்பி. நாங்கள் அதைத்தான் தேடுவோம்.